எண்ணும் நாளும்: வங்கியோடு வழக்காடுபவரின் நோட்டுப் புத்தகம்

வங்கியோடு மாதக்கணக்கில் நீளும் தகராறுகளில் தேதியை நிரூபிக்க முடிந்தவர் பக்கமே நியாயம் சாய்கிறது. ஹைதராபாத்தில் குடியிருக்கும் ஒரு வாடிக்கையாளர் தன் புகாரின் நாட்குறிப்பை எப்படி எழுத வேண்டும், எந்தத் தேதியில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று ஒரு வழக்கை முழுதாக எடுத்துப் பார்ப்போம்.

2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. குவாஹாட்டி வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கிலிருந்து 2021இல் மோசடிக்காரர்கள் எடுத்த 94,204 ரூபாய் 80 காசு தொடர்பான வழக்கு அது. பாரத ஸ்டேட் வங்கி பொறுப்பேற்க மறுத்தது. கவுஹாத்தி உயர் நீதிமன்றம் வாடிக்கையாளர் பக்கம் நின்றது. வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் இருவரும் அந்த முறையீட்டை ஏற்கவில்லை.

இந்த வழக்கில் பணம் போன 24 மணி நேரத்துக்குள் வாடிக்கையாளர் வங்கிக்குத் தகவல் சொல்லிவிட்டார் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிடும் வாடிக்கையாளருக்கு எந்த இழப்பும் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால் ஒரு வரம்பு வரை இழப்பை அவர் ஏற்க வேண்டும். அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைதான் முடிவு செய்யும். அதே பணம், அதே மோசடி. எந்த நாளில் சொன்னோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறிவிடுகிறது.

"அன்றைக்கே போன் செய்தேன்" என்று எல்லோரும்தான் சொல்கிறோம். எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்கு, அவர்கள் கொடுத்த பதிவு எண் என்ன என்று கேட்டால் பலரிடமும் பதில் இருப்பதில்லை. வங்கியிடம் இருக்கிறது. அழைப்பின் பதிவும், கணினியில் விழுந்த நேரமும், முடித்துவைத்த நாளும் அவர்கள் கையில் இருக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய வாடிக்கையாளரிடம் இருக்கும் ஒரே கருவி, அவர் தன் கையால் எழுதி வைக்கும் புகார்க் குறிப்பேடு.

சைஃபாபாத் வாசலில் ஒரு தவறான எண்ணம்

ஹைதராபாத்தில் தலைமைச் செயலகச் சாலை வழியாகப் போகிறவர்களுக்கு சைஃபாபாத்தில் இருக்கும் ரிசர்வ் வங்கிக் கட்டடம் தெரிந்ததுதான். வங்கியோடு சண்டை முற்றினால் அங்கே போய் மனு கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் இன்றும் பலருக்கு இருக்கிறது. 2021 நவம்பர் 12 அன்று ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்த முறை மாறிவிட்டது. நாட்டின் எந்த மூலையிலிருந்து வரும் புகாரும் cms.rbi.org.in என்ற தளத்தில் பதிவாகிறது. கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பினால் சண்டிகரில் உள்ள மையத்துக்குப் போகிறது. சிக்கந்திராபாத் மாரேட்பள்ளியிலிருந்து எழுதிய புகாரை ஹைதராபாத் அலுவலகம்தான் விசாரிக்க வேண்டும் என்றும் இல்லை.

ஆகவே நேரில் உட்கார்ந்து நடந்ததை எடுத்துச் சொல்லும் வாய்ப்பு முதலில் கிடைக்காது. நம் புகாரைப் படிக்கப்போகிறவர் நம்மை அறியாதவர், நம் ஊரையும் அறியாதவராக இருக்கலாம். அவர் முன்னால் இருப்பது நாம் நிரப்பிய படிவமும் இணைத்த தாள்களும் மட்டும். முதலில் அவர் பார்ப்பது நம் குறை நியாயமானதா என்பதைக்கூட அல்ல. இந்தப் புகாரை எடுத்துக்கொள்ளலாமா என்பதைத்தான். அதை மூன்று தேதிகள் முடிவு செய்கின்றன: வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்த நாள், வங்கி பதில் சொன்ன நாள், குறைதீர்ப்பாளரிடம் வந்த நாள்.

2021 திட்டம் வகுத்த விதி இது; நாம் பார்க்கப்போகும் 2023 வழக்குக்கு இதுவே பொருந்தும். முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். வங்கி அதை மறுத்திருக்க வேண்டும், அல்லது நமக்குத் திருப்தியில்லாத பதில் தந்திருக்க வேண்டும், அல்லது 30 நாட்களாகியும் பதிலே சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். பதில் வந்திருந்தால் அந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். பதிலே வரவில்லை என்றால், புகார் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டும் 30 நாட்களும்தான் கெடு. பதிலுக்குக் காத்திராமல் 25ஆம் நாளே போனாலும் திருப்பி விடுவார்கள். நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பிக்கொண்டே இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டுப் போனாலும் திருப்பி விடுவார்கள்.

தொலைபேசியில் சொன்னது எழுத்துப்பூர்வமான புகார் ஆகுமா? இந்தக் கேள்விக்குத் திட்டத்திலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. புகார் கொடுத்ததற்கு வாடிக்கையாளர் ஆதாரம் காட்ட முடிந்தால், வேறு வழிகளில் கொடுத்த புகாரும் எழுத்துப் புகாராகவே கொள்ளப்படும். ஹெல்ப்லைனில் பேசி முடித்ததும் கைபேசிக்கு வரும் அந்தப் பதிவு எண் எஸ்.எம்.எஸ்.ஸின் மதிப்பு இதுதான். எண் கையில் இருந்தால் அந்த அழைப்பு ஒரு புகார். இல்லாவிட்டால் அது வெறும் உரையாடல்.

வேண்டுகோளா, புகாரா?

ஒரு வழக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். சிக்கந்திராபாத் மாரேட்பள்ளியில் இருக்கும் ஒருவர் தன் கிரெடிட் கார்டை மூட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாக்கி எதுவும் இல்லை. இதற்கு ரிசர்வ் வங்கியின் 2022 ஏப்ரல் 21 ஆணை தெளிவான விதி ஒன்றைத் தந்திருக்கிறது. மூடச் சொன்ன ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால், கணக்கில் பாக்கி இல்லாத பட்சத்தில், ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

அவர் 2023 ஜூன் 5, திங்கட்கிழமை, வங்கியின் மின்னஞ்சலுக்கு எழுதுகிறார். உடனே தானியங்கிப் பதில் ஒன்று ஓர் எண்ணோடு வருகிறது. குறிப்பேட்டின் முதல் வரி இது. அந்த வரியிலேயே அவர் கெடுவையும் கணக்கிட்டு எழுதிவிடுகிறார். ஜூன் 6 முதல் 9 வரை நான்கு வேலை நாட்கள். 10ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. 11 ஞாயிறு. 12, 13, 14 சேர்ந்தால் ஏழு. ஜூன் 14 கடைசி நாள். 15ஆம் தேதியிலிருந்து தாமதக் கணக்கு ஓடத் தொடங்குகிறது.

ஜூன் 16. கார்டு மூடப்படவில்லை. ஹெல்ப்லைனில் பேசுகிறார். "சார், உங்கள் வேண்டுகோள் சிஸ்டத்தில் இல்லை, இப்போது புதிதாகப் போடுகிறேன்" என்கிறார் மறுமுனையில் இருப்பவர். இன்னோர் எண் வருகிறது. நீண்ட தகராறுகள் பெரும்பாலும் வழி தவறிப் போகும் இடம் இதுவே. புதிய எண்ணோடு ஒரு புதிய தேதியும் பிறந்துவிட்டது. நாளை வங்கி பதில் எழுதும்போது "உங்கள் வேண்டுகோள் ஜூன் 16 அன்று பெறப்பட்டது" என்றே எழுதும். அதனால் அப்போதே கேட்க வேண்டும்: "என் பழைய எண் இது, ஜூன் 5 தேதியிட்டது. புதிய பதிவில் இந்த எண்ணையும் குறிப்பிடுங்கள்." அவர் குறித்துக்கொண்டாலும் குறித்துக்கொள்ளாவிட்டாலும், நாம் கேட்டோம் என்பதும் அவர் சொன்ன பதிலும் குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

இதற்குள் இன்னொரு நுணுக்கமும் ஒளிந்திருக்கிறது. இதுவரை வந்த இரண்டு எண்களும் வேண்டுகோளுக்கான எண்கள். கார்டை மூடச் சொல்வது வேண்டுகோள். சொல்லியும் மூடவில்லை என்பது புகார். வங்கிக் கணினியில் இவை வேறு வேறு வரிசைகளில் நிற்கின்றன. குறைதீர்ப்பாளரின் 30 நாள் கணக்கு புகாரிலிருந்துதான் தொடங்கும். மூன்று மாதமாக வங்கியோடு மல்லுக்கட்டியவர் குறைதீர்ப்பாளரிடம் போனபின், வங்கியிடம் முறையான புகார் கொடுத்த சான்று எங்கே என்ற கேள்வி எழுந்து திகைத்து நிற்பது இதனால்தான்.

நம்மவர் அதை உணர்ந்து ஜூன் 19, திங்கட்கிழமை, மின்னஞ்சல் எழுதுகிறார். தலைப்பிலேயே 'கம்ப்ளெய்ண்ட்' என்ற சொல் இருக்கிறது. உள்ளே இரண்டு பழைய எண்களும் தேதிகளும், ஏழு வேலை நாள் கெடு முடிந்த நாளும், தான் கேட்பது என்ன என்பதும் நான்கே வரிகளில் இருக்கின்றன. இந்த வரியை அவர் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதுகிறார். வழக்கின் பிறந்த நாள் இதுதான். பக்கத்திலேயே இரண்டு தேதிகள்: 30 நாள் நிறைவது ஜூலை 19. பதிலே வராவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் போகக் கடைசி நாள் 2024 ஜூலை 19.

ஒரு வரியில் என்ன இருக்க வேண்டும்

நீளமான கோடு போட்ட நோட்டு போதும். கணினி தெரிந்தவர் விரிதாளில் எழுதலாம். ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு வரி. அதில் தேதியும் நேரமும், போன வழி, பேசியவரின் பெயரும் பதவியும், கிடைத்த எண், நாம் கேட்டது, அவர்கள் சொன்னது, அவர்கள் கொடுத்த கெடு, ஆதாரம் இருக்கும் இடம், அடுத்து நாம் செய்ய வேண்டிய நாள் ஆகியவை இருக்க வேண்டும். பெயரையும் எண்களையும் விட்டுவிட்டுப் பார்த்தால், ஜூன் 16 வரி இப்படி இருக்கும்:

> வரி 2. 16.6.2023 வெள்ளி, காலை 11.10 முதல் 11.32 வரை. என் கைபேசியிலிருந்து ஹெல்ப்லைனுக்கு. ஜூன் 5 வேண்டுகோள் பதிவில் இல்லை என்றார். வரி 1இன் எண்ணைச் சேர்க்கக் கேட்டேன். "குறிப்பில் போட்டிருக்கிறேன்" என்றார். புதிய எண் வந்தது (எஸ்.எம்.எஸ். படம், கோப்பு 2). வகை: வேண்டுகோள். சொன்ன கெடு: ஏழு வேலை நாள். அடுத்து: 19.6 அன்று எழுத்தில் புகார்.

அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுவது முக்கியம். "அலட்சியமாகப் பேசினார்" என்பது நம் கருத்து. "பதிவில் இல்லை என்றார்" என்பது செய்தி. விசாரிப்பவருக்கு இரண்டாவதுதான் உதவும். கோபத்தை எழுதித் தீர்க்க வேண்டும் என்றால் வேறொரு தாளில் எழுதலாம், குறிப்பேட்டில் வேண்டாம். அன்றைய வரியை அன்றே எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதிய பட்டியல் ஒரே மூச்சில் எழுதியதைப் போல வழவழவென்று இருக்கும். ஒரு தேதி தவறினாலும் மற்றவையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

ஆதாரங்கள் நாம் நினைப்பதைவிட விரைவில் மறைகின்றன. கைபேசி மாற்றினால் எஸ்.எம்.எஸ். போய்விடும். செயலியில் நடந்த சாட் உரையாடலைப் பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம். அவற்றை அன்றே படமெடுத்து, தேதி முதலில் வரும்படி பெயரிட்டு வைத்தால் கோப்புகள் தாமாகவே வரிசையில் நிற்கும்:

```
2023-06-05_email_request.pdf
2023-06-16_sms_number.png
2023-06-19_email_complaint.pdf
```

கிளைக்கு நேரில் கடிதம் கொடுத்தால் இரண்டு பிரதி எடுத்துப் போய், நம் பிரதியில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்க வேண்டும். தர மறுத்தால் அதையும் நேரத்தோடு குறித்துக்கொண்டு, அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, கடிதம் சேர்ந்த விவரத்தை இணையத்திலிருந்து அச்செடுத்து வைக்கலாம். ஒன்றை மட்டும் குறிப்பேட்டில் எழுதவே கூடாது. கார்டின் கடைசி நான்கு இலக்கம் போதும். முழு எண்ணும், பின் எண்ணும், ஓ.டி.பி.யும் அதில் ஏறக்கூடாது. பலர் கைக்குப் போகப்போகிற தாள் அது.

படிகளும் கடிகாரமும்

ஜூலை 3 அன்று ஸ்டேட்மெண்ட் வருகிறது. ஆண்டுக் கட்டணம் 500, அதற்கு ஜி.எஸ்.டி. 90, ஆக 590 ரூபாய் பாக்கி என்கிறது. ஜூலை 10 அன்று புகாருக்குப் பதில் வருகிறது: "உங்கள் வேண்டுகோள் ஜூன் 16 அன்று பெறப்பட்டது. 590 ரூபாய் பாக்கி உள்ளது. செலுத்தினால் கார்டு மூடப்படும்."

இந்த மூன்று வரிகள் வழக்கின் அடித்தளத்தையே நகர்த்தப் பார்க்கின்றன. வேண்டுகோள் ஜூன் 5இலிருந்து 16க்குப் போகிறது. பாக்கி இருந்ததாகக் காட்டினால் தாமதத் தொகையே தர வேண்டியதில்லை என்றாகிறது. குறிப்பேடு இல்லாதவர் இங்கே குழம்பிப்போவார். குறிப்பேடு இருப்பவர் ஒரே வரியில் பதில் சொல்வார்: ஜூன் 5 அன்று பாக்கி இல்லை, ஸ்டேட்மெண்ட் இருக்கிறது. கெடு முடிந்தது ஜூன் 14. கட்டணம் விழுந்தது ஜூலை 3. மூடியிருக்க வேண்டிய கார்டில் விழுந்த கட்டணம் அது.

590 ரூபாயைக் கட்டுவதா வேண்டாமா? கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறும், கடன் வரலாற்றில் கறையாகவும் பதியலாம். நம்மவர் ஜூலை 11 அன்று கட்டிவிட்டு, ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், திரும்பக் கேட்கும் உரிமையை விடவில்லை என்று அன்றே மின்னஞ்சல் எழுதுகிறார். அதே கடிதத்தை வங்கியின் முதன்மை நோடல் அதிகாரிக்கும் அனுப்புகிறார்.

வங்கிகளின் தளத்தில் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று புகார்ப் படிகள் போட்டிருப்பார்கள். அவை வங்கியின் உள்ளேணி. ஏறிப் பார்ப்பதில் நன்மை உண்டு, மேலே இருப்பவர் சில சமயம் உடனே தீர்த்துவிடுவார். ஆனால் குறைதீர்ப்பாளரிடம் போக எல்லாப் படியும் ஏறியிருக்க வேண்டும் என்று திட்டம் சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் புதிதாக 30 நாள் தொடங்குவதும் இல்லை. "மூன்றாம் நிலைக்கு எழுதுங்கள், அதன்பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், சிவப்பு மையில் எழுதிய ஜூன் 19ஐப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடிகாரம் அங்கிருந்துதான் ஓடுகிறது.

பதிலில் இன்னொன்றையும் தேட வேண்டும். வங்கிகளுக்குள்ளேயே உள் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் உண்டு. புகாரை முழுதாகவோ பகுதியாகவோ மறுக்க நினைக்கும் வங்கி, அந்த முடிவை வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன்னால் அவர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். நாம் நேராக அவரிடம் போக முடியாது. ஆனால் வந்த மறுப்பில் அவர் பார்த்ததற்கான அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அதையும் குறிக்கலாம். உரிய பரிசீலனை இல்லாமலே மறுத்துவிட்டார்கள் என்று பின்னால் எடுத்துக்காட்ட அது உதவும்.

ஜூலை 24 அன்று அவர் cms.rbi.org.in தளத்தில் புகாரைப் பதிகிறார். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. வைத்தாலும் அவர் வழியாகப் பதிய முடியாது. நாமோ, வழக்கறிஞர் அல்லாத நம் பிரதிநிதியோதான் பதிய வேண்டும். வழி தெரியாதவர்கள் 14448 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். அங்கே தெலுங்கில் பேசுவதுபோலவே தமிழிலும் பேசலாம். இந்த ஊரில் வாழும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி.

பன்னிரண்டு நாளின் விலை

கார்டு கடைசியில் செப்டம்பர் 8 அன்று மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணக்குப் போடலாம். ஜூன் 5 வேண்டுகோளின்படி தாமதம் ஜூன் 15இல் தொடங்குகிறது. செப்டம்பர் 7 வரை 85 நாட்கள். நாளுக்கு 500 வீதம் 42,500 ரூபாய். வங்கி சொல்லும் ஜூன் 16ஐ ஏற்றால், நடுவில் வரும் நான்காவது சனிக்கிழமையையும் ஞாயிறுகளையும் தள்ளி, கெடு ஜூன் 26இல் முடிகிறது. தாமதம் 73 நாட்கள், 36,500 ரூபாய். "சிஸ்டத்தில் இல்லை" என்ற ஒரு சொல்லின் விலை 6,000 ரூபாய். பாக்கி இருந்தது என்ற வாதத்தையும் ஏற்றுவிட்டால் மொத்தமும் போகும். முதல் நாள் வந்த தானியங்கிப் பதிலைக் காப்பாற்றி வைத்ததற்கும் அழித்துவிட்டதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு.

குறிப்பேடு எல்லாவற்றையும் வென்று தராது என்பதையும் சொல்ல வேண்டும். கடன் தருவதா வேண்டாமா என்பது போன்ற வங்கியின் வணிக முடிவுகளில் குறைதீர்ப்பாளர் தலையிடுவதில்லை. நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தையும் எடுப்பதில்லை. நமக்குச் சாதகமாக உத்தரவு வந்தாலும், 30 நாட்களுக்குள் ஏற்பதாகக் கடிதம் தராவிட்டால் அது காலாவதியாகும். மேல்முறையீட்டுக்கும் 30 நாள்தான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. ஆகவே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், இவ்வழக்கைப் பொறுத்தவரை, 2025 ஜூன் நடுப்பகுதி என்றும் ஒரு தேதி எழுதியிருக்க வேண்டும். குறைதீர்ப்பாளரிடம் காத்திருந்த காலம் இந்தக் கெடுவிலிருந்து தானாகக் கழிக்கப்படும் என்று நம்பி இருக்கக்கூடாது. இந்த விதிகளை ரிசர்வ் வங்கி அவ்வப்போது திருத்துகிறது. புகார் எழுதும் அன்று நடப்பில் இருக்கும் விதியை அதே தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

வங்கியில் இன்று நம்மிடம் பேசியவர் அடுத்த மாதம் வேறு பிரிவில் இருப்பார். கிளை மேலாளர் மாற்றலாகிப் போவார். ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்லிச் சொல்லியே மனிதர்கள் களைத்து, "போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டவர்கள் பலரின் கோரிக்கை நியாயமானது. அவர்களிடம் இல்லாமல் போனது, கதையை அவர்களுக்குப் பதிலாகச் சொல்லும் ஒரு தாள்.

உங்களுக்கு இப்போது வங்கியோடு ஏதேனும் பிணக்கு நடந்துகொண்டிருந்தால், இன்றிரவே ஒரு நோட்டை எடுங்கள். மின்னஞ்சலையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் தேடி, கிடைத்த எண்களைத் தேதி வரிசையில் எழுதுங்கள். அவற்றில் எது வேண்டுகோள், எது புகார் என்று பக்கத்தில் குறியுங்கள். புகார் என்று ஒரு வரிகூட இல்லையென்றால், நாளைக் காலை முதல் வேலையாக அதை எழுதி அனுப்புங்கள். உங்கள் 30 நாள் அப்போதுதான் தொடங்கும்.